கார்ட் ரீடர், கேபிள், போர்ட்: கொப்பி பண்ணும் வேகத்தை எது குறைக்கிறது?

வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். தாலி கட்டு முதல் இரவு விருந்து வரை எடுத்து முடிய, ஒரு கார்டில் 60 ஜிபி சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் காலை தெஹிவளையில் பூப்புனித நீராட்டு விழா. இரவே கார்டை வெறுமையாக்க வேண்டும். ஆனால் லப்டொப்பில் போட்டால், இன்னும் 26 நிமிடம் இருக்கிறது என்று காட்டுகிறது. அது ஒரு கார்டுக்கு மட்டும். ட்ரோன் பறக்கவிட்டு நில அளவை செய்பவர்களுக்கும் ஒவ்வொரு மாலையும் இதே நிலைதான்.

இந்த இடத்தில் பலரும் "கார்ட் சரியில்லை" என்று முடிவுகட்டி, விலை கூடிய கார்டைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் பிழை கார்டில் இல்லை. கார்டிலிருந்து கிளம்பும் தரவு ரீடர், கேபிள், போர்ட், கடைசியில் டிஸ்க் என்று போய்ச் சேர்கிறது. இதில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே கடைக்குப் போகமுன் அது எது என்று பிடிப்போம்.

படி 1: கார்டைத் திருப்பிப் பாருங்கள்

எஸ்டி கார்டின் பின்பக்கம் பொன்னிறத் தொடுபுள்ளிகள் ஒரு வரிசையில் இருந்தால் அது யூஎச்எஸ்-1 வகை. இரண்டு வரிசை இருந்தால் யூஎச்எஸ்-2. முதல் வகை செக்கனுக்கு 104 எம்பி வரை போகும்படி வகுக்கப்பட்டது. நடைமுறையில் 90 எம்பி அளவில் நிற்கும். இரண்டாவது வகையின் உச்சம் 312 எம்பி. நல்ல கார்டில் 250 எம்பி வரை எதிர்பார்க்கலாம்.

ஒரு வரிசைக் கார்டிலேயே 170, 200 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேகம் அந்தக் கார்டின் தனி முறையைப் புரிந்துகொள்ளும் ரீடரில்தான் வரும். சாதாரண ரீடரில் 90தான். அப்புறம், வி30, யூ3 என்பவை கமரா கார்டில் எழுதும்போது குறையக்கூடாத வேகத்தைச் சொல்பவை. கொப்பி பண்ண எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

படி 2: ஒரு பெரிய வீடியோவை வைத்து அளவுங்கள்

கார்டில் இருக்கும் 4 ஜிபி அளவிலான ஒரே வீடியோவை லப்டொப்பின் டெஸ்க்டொப்புக்கு கொப்பி பண்ணுங்கள். நூற்றுக்கணக்கான சின்னப் படங்களை வைத்து அளந்தால், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடும் நேரமும் சேர்ந்து எண் குழம்பும். வெளி டிஸ்குக்கு இப்போது அனுப்ப வேண்டாம். அதன் வேகம் தனிக் கதை. ஒரே ஃபைலை இரண்டாம் முறை கொப்பி பண்ணி அளக்கவும் வேண்டாம். லப்டொப் அதைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்துத் தந்து, பொய்யான வேகத்தைக் காட்டும்.

விண்டோஸில் கொப்பி பெட்டியில் More details என்பதை அழுத்தினால் வேகம் தெரியும். செக்கனுக்கு 90 எம்பி அளவில் நின்றால் யூஎச்எஸ்-1 கார்டுக்கு அது சரியான வேகம். 30 முதல் 40 வரை நின்றால், வழியில் எங்கோ பழைய, மெதுவான யூஎஸ்பி 2.0 இருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். நமது 60 ஜிபிக்கு 26 நிமிடம் என்றால் செக்கனுக்குச் சுமார் 38 எம்பி. ஆகவே இங்கே தேட வேண்டியது யூஎஸ்பி 2.0ஐத்தான்.

படி 3: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

முதலில் கேபிள். ரீடரைத் தொலைபேசி சார்ஜ் கேபிளால் இணைத்திருந்தால் அதையே முதலில் சந்தேகியுங்கள். இரண்டு முனையும் டைப்-சி என்பதால் வேகமான கேபிள் என்று ஆகாது. சார்ஜ் பண்ணவென்று வரும் பல கேபிள்களுக்குள் வேகமான தரவுக்கான கம்பிகளே கிடையாது. அவை யூஎஸ்பி 2.0ஐத் தாண்டாது. ரீடரோடு வந்த கேபிளைப் போட்டு, வேறொரு வீடியோவை வைத்து மறுபடி அளவுங்கள்.

மாற்றம் இல்லையென்றால் போர்ட். பழைய செவ்வக வடிவ போர்ட்டில் உள்நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் அது வேகமான யூஎஸ்பி 3.0. ஆனால் சில லப்டொப்களில் 3.0 போர்ட்டும் கறுப்பாகவே வரும். அதனால் நிறத்தைவிட, பக்கத்தில் எஸ்எஸ் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம்: இந்தச் செவ்வக முனையை மெல்ல மெல்லச் செருகினால், முன்னால் இருக்கும் 2.0 தொடுபுள்ளிகள் முதலில் பட்டு, ரீடர் மெதுவான வேகத்திலேயே இணைந்துவிடுவது உண்டு. கழற்றி, ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் System Information திறந்து USB பகுதியைப் பார்த்தால், ரீடரின் பெயருக்குக் கீழே வேகம் இருக்கும். அங்கே 480 Mb/s என்றிருந்தால் அது யூஎஸ்பி 2.0.

இரண்டும் சரியாக இருந்தும் 38 மாறவில்லையென்றால் ரீடரைத்தான் மாற்ற வேண்டும். லப்டொப்பின் பக்கவாட்டில் இருக்கும் கார்ட் துளையையும் நம்பிவிடாதீர்கள்; சிலவற்றில் அது உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகவே இணைக்கப்பட்டிருக்கும்.

நமது கல்யாணக் கார்டுக்கு கேபிளை மாற்றியதும் 90 வந்துவிட்டது என்றால், அதே 60 ஜிபி 11 நிமிடத்தில் முடியும்.

படி 4: போய்ச் சேரும் டிஸ்க்

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் யூஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் தேவை. கமரா யூஎச்எஸ்-1தான் என்றாலும் பரவாயில்லை, கார்ட் அதில் வேலை செய்யும். ரீடரில் போடும்போது முழு வேகம் கிடைக்கும். 60 ஜிபி 4 நிமிடத்தில் இறங்கிவிடும்.

ஆனால் அதை நேராகப் பழைய, சுழலும் வகை வெளி ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பினால் செலவழித்த காசு வீண். அந்த டிஸ்குகள் செக்கனுக்கு 100 எம்பி அளவில்தான் எழுதும். மறுபடி 10 நிமிடம். ஆகவே முதலில் லப்டொப்பின் எஸ்எஸ்டிக்கு இறக்குங்கள். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கிருந்து வெளி டிஸ்குக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம். இரண்டு இடத்திலும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா, நடுவில் இருந்து சில வீடியோக்கள் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். அதையும் கமராவிலேயே ஃபோர்மட் பண்ணுங்கள்.

படி 5: கடையில்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனாலும் சரி, புறக்கோட்டைக்குப் போனாலும் சரி, லப்டொப்பையும் கார்டையும் கையோடு கொண்டு போங்கள். "3.0 ரீடரா?" என்று மட்டும் கேட்டால் போதாது. யூஎஸ்பி 3.0 ஆக இருந்தும் உள்ளே ஒரு வரிசைக் கார்டை மட்டும் வேகமாக வாசிக்கும் ரீடர்கள் நிறைய. "யூஎச்எஸ்-2 வாசிக்குமா?" என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே ஒரு வீடியோவை இறக்கிப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட அந்த எண்தான் முக்கியம்.

ஒரே போர்ட்டில் பலதைச் செருக உதவும் ஹப் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஹப்பில் இருக்கும் கார்ட் துளை பெரும்பாலும் யூஎச்எஸ்-1தான். 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் இணைக்கும் சில டைப்-சி ஹப்கள், அந்தத் திரைக்கே எல்லா வேகக் கம்பிகளையும் கொடுத்துவிட்டு, மற்ற போர்ட்களை யூஎஸ்பி 2.0க்கு இறக்கிவிடும். திரையைக் கழற்றினால் வேகம் கூடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஹப்பில் ரீடரையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துச் செருகும்போது கொப்பி நடுவில் அறுந்து, கார்ட் மறைந்து மறுபடி தோன்றினால், பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. தனி அடப்டர் உள்ள ஹப் வேண்டும், அல்லது டிஸ்கை லப்டொப்பிலேயே நேராகச் செருக வேண்டும். நேராகச் செருகியும் அறுகிறது என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் அந்தக் கார்டில் இனி ஒரு நிகழ்ச்சியும் எடுக்காதீர்கள்.