பழைய ஸ்பீக்கர், புது போன்: ப்ளூடூத் எண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி புது போனையும் 2012இல் வாங்கிய ஸ்பீக்கரையும் கொண்டுவந்தார், கூடவே அவர் அம்மாவும். ஸ்பீக்கரில் ப்ளூடூத் 2.1, போனில் 5.3. "வெர்ஷன் ஒத்துப்போகாது, வேற வாங்கிக்கன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் இதே பேச்சை நம்பி, நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் ஒன்றை நானே காயலான் கடையில் போட்டிருக்கிறேன். இன்னும் அதே பேச்சைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

எண் வேறு என்று தூக்கிப் போடுவது

ப்ளூடூத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஆரம்பத்திலிருந்தே இருப்பது கிளாசிக். 2010இல் 4.0 வந்தபோது சேர்ந்தது லோ எனர்ஜி. கைக்கடிகாரம், சென்சார் போன்றவற்றுக்கானது. இத்தனை வருடமாக ஸ்பீக்கருக்குப் பாட்டு போவது கிளாசிக் வழியில். புது போன்களிலும் அந்த வழி அப்படியே இருக்கிறது. இரண்டு கருவிகளும் சேரும்போது, இரண்டுக்கும் தெரிந்த முறையில் பேசிக்கொள்ளும். 5.0க்குச் சொல்லும் இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம் எல்லாம் லோ எனர்ஜிக்கு மட்டும். அதை நம்பிப் புது ஸ்பீக்கர் வாங்கினால், கிளாசிக் வழியில் வரும் பாட்டுக்கு அந்தப் பலன் கிடைக்காது.

சரி, தம்பியின் ஸ்பீக்கர் ஏன் சேரவில்லை? ஆன் செய்ததும் நீல விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தது. வேறு யாருடனோ சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கைப்பையில் இருந்தது பழைய போன். இந்த மாதிரி ஸ்பீக்கர் ஆன் ஆனதும் கடைசியாகச் சேர்ந்த போனைத்தான் தேடும். பிடித்துவிட்டால் மற்ற போன்களின் கண்ணில் படாது. அம்மா போனில் ப்ளூடூத்தை அணைத்தோம். ஸ்பீக்கரின் ப்ளூடூத் பொத்தானை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தோம். புது போனில் பாதியில் நின்றிருந்த பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி தேடினோம். ஒரு நிமிடத்தில் பாட்டு வந்தது.

நிஜமாகவே ஒத்துப்போகாதவை

5.2இலிருந்து எல்.இ. ஆடியோ என்ற புது முறை இருக்கிறது. அதில் மட்டுமே பேசும் கருவி பழைய போனோடு பாடாது. அதேபோல, அழைப்புக்காக மட்டும் வந்த பழைய ஒற்றைக் காது ஹெட்செட்டில் பேச்சு கேட்கும், பாட்டு வராது.

பின் நம்பர் கேட்டால்

0000. இல்லையென்றால் 1234.

சேர்ந்தும் சத்தம் இல்லையா?

போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்த ஸ்பீக்கரின் அமைப்பைத் திறந்து, Media audio ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டு விட்டு விட்டு வந்தால்

இதற்கும் எண்ணைக் குறை சொல்ல வேண்டாம். போனைப் பக்கத்திலேயே வைத்து, ஸ்பீக்கரில் சார்ஜரைச் சொருகிக்கொண்டு பாட விடுங்கள். அப்போது சரியாகப் பாடினால், சார்ஜரை எடுத்ததும் திக்கினால், பேட்டரிதான் போயிருக்கிறது. ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.