32 ரூபாய் 40 காசு குறைந்த கதை

10,000 ரூபாய் சரக்குக்கு வணிகத் தள்ளுபடி 10 சதவீதம் போக 9,000. பத்து நாளில் பணம் கட்டினால் ரொக்கத் தள்ளுபடி 2 சதவீதம். அந்த 180 ரூபாயையும் நான் பில்லிலேயே கழித்து, 8,820க்கு 18 சதவீத ஜிஎஸ்டி போட்டுவிட்டேன். வாங்கியவரோ நாற்பதாம் நாள்தான் பணம் அனுப்பினார்! தள்ளுபடி ரத்து; வரியில் 32.40 குறைவு.

180 ரூபாய்க்கும் அதன் வரிக்குமாக, பில்லில் விட்டுப்போன தொகையைக் கேட்கும் பற்றுக்குறிப்பு கொடுத்துச் சரிசெய்தேன்.

இப்போது பில்லில் வணிகத் தள்ளுபடியை மட்டும் தனி வரியில் காட்டிக் கழிக்கிறேன், வரி 9,000க்கு. ரொக்கத் தள்ளுபடி வெறும் நிபந்தனையாக அடியில் இருக்கும். பத்து நாளுக்குள் பணம் வந்தால் வரியைத் தொடாமல் 180க்கு மட்டும் வரவுக்குறிப்பு. வரியையும் குறைக்க வேண்டுமென்றால், வாங்கியவர் இந்தச் சரக்கின் வரிக்காகத் தன் கணக்கில் எடுத்த உள்ளீட்டு வரிவரவை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். 32 ரூபாய்க்காக யார் அவரிடம் மல்லுக்கட்டுவது?