மனநிலைச் செயலி: முதலில் நாள் கணக்கை அணையுங்கள்

மன்னார்குடிப் பக்கம் இருக்கிற என் மச்சான், ஏப்ரல் கடைசியில் தியானப் பயிற்சியும் மனநிலைப் பதிவும் உள்ள செயலி ஒன்றைப் போனில் ஏற்றினார். விடாமல் செய்த நாட்களை அது எண்ணிக் காட்டும். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பதற்குள் குறுவை நாற்று தயாராக வேண்டும் என்று போர் தண்ணீரை நம்பி விதை விட்டிருந்த நேரம். 41-வது நாள் இரவு 11.50-க்கு அரைத் தூக்கத்தில் எழுந்து, மூன்று நிமிடப் பயிற்சியை ஓடவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "விட்டா கணக்கு அறுந்துடும் மாப்ளே" என்றார். மறுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி அமைத்தோம்.

முதல் வேலை, போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷனை நிறுத்துவது. தொடர் நாள் கணக்கை மறைக்கும் வசதி உள்ளே இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், ஒருநாள் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். கணக்கு பூஜ்யமானதும் பாதி பயம் போய்விடும்.

அடுத்து மனநிலைப் பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு முறை, 1 முதல் 5 வரை ஒரு எண், மனம் மோசமென்றால் 1, நன்றாக இருந்தால் 5. கூடவே, முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், அன்று என்ன வேலை என்று ஒரு வரி. எண்ணைவிட இந்த வரிதான் முக்கியம். 14 நாளைக்குச் செயலியின் வரைபடத்தைத் திறக்கவே வேண்டாம். தினமும் பார்த்தால் நேற்றைய 3 ஏன் இன்று 2 ஆனது என்று அதையே நோண்டிக்கொண்டிருப்போம்.

15-வது நாள், குறைந்த எண் வந்த நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். மச்சானுக்கு நான்கு நாள் 2 வந்திருந்தது. நான்கிலும் முந்தைய இரவு ஒரு மணிக்கு மேல்தான் படுத்திருக்கிறார். மும்முனை மின்சாரம் இரவில் வந்ததால் மோட்டார் போடப் போயிருக்கிறார். செயலியோ அந்த 2-க்கு "கோபம்" என்று பெயர் வைத்திருந்தது! தம்பியும் அவரும் முறை வைத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு 2. நான்கு நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை.

தியானம் தனிக் கதை. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் படபடப்பு கூடும். அப்படியானால் கண்ணைத் திறந்து, தரையில் பாதம் படுவதைக் கவனியுங்கள். அடங்கவில்லை என்றால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வரைபடம் அழகாக இருக்கட்டும் என்று பொய்யாக 4 போடுகிறீர்களா? பதிவு விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வருகிறதா? ஒரு வாரம் செயலியை நீக்கி வையுங்கள். பழைய பதிவுகள் வேண்டுமென்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், சில செயலிகளில் நீக்கினால் அவை போய்விடும்.

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்தே கிடக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, வேலை ஓடவில்லை என்றால் செயலி போதாது, மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.