பல் வலி தானா நின்னுடுச்சா? இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க

"டாக்டர், போன வாரம் ராத்திரி தூங்கவே முடியல, அப்படி ஒரு வலி, இப்ப சுத்தமா இல்ல, அப்புறம் எதுக்கு ரூட் கேனால்?" பல் கிளினிக்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான். கேக்கறது நியாயமாத்தான் தெரியும், ஆனா பல் விஷயத்துல வலி போறதுக்கும் நோய் போறதுக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது.

நாப்பது வயசு ஆள் ஒருத்தருக்குக் கீழ் கடவாய்ப் பல்லுல சொத்தைன்னு வச்சுக்குவோம். சொத்தை மேல் எனாமல்ல இருக்கற வரைக்கும் அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அடுத்த அடுக்குக்குப் போனதும் ஐஸ்கிரீம், இனிப்பு பட்டா சுரீர்னு ஒரு கூச்சம், ரெண்டு மூணு செகண்ட்ல போயிடும், இந்த நேரத்துல வந்தா பெரும்பாலும் சாதாரண ஃபில்லிங்லயே வேலை முடிஞ்சிடும். வரமாட்டார், அந்தப் பக்கம் மெல்லாம சமாளிச்சுக்குவார். கொஞ்ச நாள் கழிச்சு சூடா காபி குடிச்சா வலி வந்து நிமிஷக்கணக்குல நிக்கும், ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், காது வரைக்கும் இழுக்கும். பல்லுக்குள்ள இருக்கற நரம்பும் ரத்தக்குழாயும் வீங்கிடுச்சு, சுத்தி கெட்டியான சுவர், வீங்கறதுக்கு இடமே இல்ல, படுத்தா தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி இன்னும் மோசமாகும், அதான் ராத்திரி வலி.

அப்புறம் ஒரு நாள் வலி நின்னுடும். நரம்பு செத்துப்போச்சு, அதனால நின்னுச்சு. கிருமி அங்கேயேதான் இருக்கு, வேர் நுனி வழியா மெதுவா எலும்புக்குள்ள இறங்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு கடிச்சா வலி, பல் கொஞ்சம் உயர்ந்த மாதிரி ஒரு உணர்வு, ஈறுல சின்னக் கொப்புளம், இல்லன்னா ஒரு காலையில கன்னம் வீங்கியிருக்கும். எக்ஸ்ரே எடுத்தா வேர் நுனியில கருப்பா ஒரு நிழல் தெரியும்.

இதுக்கு நடுவுல எல்லாரும் செய்யறது மெடிக்கல் ஷாப்புல போய் "பல் வலிக்கு மாத்திரை குடுங்க"ன்னு ஆன்டிபயாட்டிக் வாங்கறது. செத்துப்போன நரம்புக்கு ரத்த ஓட்டமே இல்லாதப்ப ரத்தத்துல வர்ற மருந்து உள்ள எப்படிப் போகும்? வீக்கம் கொஞ்ச நாள் அடங்கும், மாத்திரை நின்னதும் திரும்ப வரும். காய்ச்சல், பரவுற வீக்கம் இருந்தா டாக்டரே எழுதிக் குடுப்பாங்க, அப்பவும் பல்லுக்கான சிகிச்சை கூடவே நடக்கணும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறுல வச்சு அமுக்கிக்கிறது இன்னும் மோசம், ஈறு வெந்து வெள்ளையா உரியும். கிராம்பு எண்ணெய்யும் அப்படியே ஊத்தினா சுடும். டாக்டரைப் பாக்கற வரைக்கும் தாங்கறதுக்கு பாராசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபென் நல்லாவே கேக்கும், ஆனா அல்சர், கிட்னி பிரச்சனை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, கர்ப்பம், ஆஸ்துமா இதுல ஏதாவது இருந்தா கேக்காம போடாதீங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடவே கூடாது: தாடைக்குக் கீழ வீக்கம் இறங்குது, வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்கக் கஷ்டம், மூச்சு இழுக்குதுன்னா கிளினிக் அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, தமிழ்நாட்டுல 108-க்கு போன் பண்ணுங்க, அது மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய வீக்கம்.

சரி, அவர் ஒரு வழியா வந்து ரூட் கேனால் ஆரம்பிச்சாச்சு. முதல் தடவையே பல்லைத் திறந்து கெட்டதை எடுத்து மேல தற்காலிக சிமென்ட் வச்சு அனுப்புவாங்க, பெரும்பாலும் அன்னிக்கு இல்ல ரெண்டு மூணு நாள்ல வலி போயிடும், அவரும் காணாம போயிடுவார். அந்த சிமென்ட் சில வாரம் மட்டும் தாங்கறதுக்காகச் செஞ்சது, ஓரத்துல எச்சில் கசிஞ்சு கிருமி திரும்ப உள்ள போயிடும், பாதியில விட்ட கேனாலை முதல்லருந்து பண்ணணும், சில சமயம் பண்ணவே முடியாது.

முழுசா முடிச்சவங்களும் மாட்டறது பல்லு மேல உறை மாதிரி போடற கேப் விஷயத்துல. "வலி இல்லையே, கேப்புக்கு வேற காசா, இது கிளினிக் வியாபாரம்"னு நினைப்பாங்க. முன்பல்லுல அதிகம் சேதம் இல்லன்னா கேப் இல்லாம விடலாம்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. கடவாய்ப் பல் வேற, சொத்தையிலயும் சிகிச்சையிலயும் பாதிப் பல் போயிருக்கும், மிச்சம் இருக்கற சுவர் மேலதான் மெல்லற பாரம் முழுக்க விழும். ஒரு நாள் முறுக்கு கடிக்கறப்ப விரிசல் வேர் வரைக்கும் ஓடிட்டா அந்தப் பல்லைப் பிடுங்கறதுதான் வழி, செஞ்ச ரூட் கேனால் காசும் அதோட போச்சு. பணம்தான் தடைன்னா மொத்தச் செலவு எவ்வளவு, கேப்போட சேத்தான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க, அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கத்துல இருந்தா அங்க குறைஞ்ச செலவுல பண்ணிக்கலாம், என்ன, கொஞ்சம் காத்திருக்கணும்.