பிஎஃப் பணம் எடுக்கறதுக்கு முன்னாடி பேரு, பிறந்த தேதி திருத்தம்: நம்ம ஆளுங்க வழக்கமா பண்ற தவறுகள்

வேலைய விட்டுட்டு பிஎஃப் எடுக்கப் போறப்ப தான் நிறைய பேருக்கு தெரிய வருது, ஆதார்ல ஒரு பேரு, பிஎஃப் கணக்குல ஒரு பேரு, பான் கார்டுல இன்னொரு பேருன்னு. கிளெய்ம் போட்டா ரிஜெக்ட், காரணம் கேட்டா பேரு பொருந்தல, இல்லன்னா பிறந்த தேதி பொருந்தல. நம்ம ஊருல இது இவ்ளோ நடக்கறதுக்கு காரணம் இனிஷியல் தான். நம்மள்ள பலருக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்து தான் இருக்கு. அத ஒரு இடத்துல முன்னாடி போடறாங்க, ஒரு இடத்துல பின்னாடி போடறாங்க, பான் கார்டு எடுக்கறப்ப கடைசிப் பேரு கட்டாயம்னு சொல்லி அப்பா பேர முழுசா போட்டுடறாங்க. பொண்ணுங்களுக்கு கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியலே மாறிடுது. கம்பெனில எச்ஆர் அவசரத்துல இனிஷியலே இல்லாம அடிச்சிருப்பாரு. இது எதுவும் வேலைல இருக்கற வரைக்கும் யார் கண்ணுலயும் படறதில்ல.

முதல் தவறு, எது தப்புன்னு பாக்காமயே பிஎஃப் பக்கம் திருத்தம் போடறது. பிஎஃப் ரெக்கார்ட ஆதாரோட தான் ஒப்பிட்டுப் பாக்கறாங்க, அதனால பிஎஃப்ல என்ன திருத்தினாலும் அது ஆதார்ல இருக்கற மாதிரியே வந்தா தான் நிக்கும். உங்க ஆதாரே தப்பா இருந்தா, பள்ளிச் சான்றிதழ்ல ஒரு தேதி, ஆதார்ல வேற தேதின்னா, முதல்ல ஆதார் தான் சரி பண்ணணும். அதுலயும் கவனம் வேணும். ஆதார்ல பிறந்த தேதிய பொதுவா ஒரு தடவ தான் மாத்த விடுவாங்க, பேர ரெண்டு தடவ. அதனால பிறப்புச் சான்றிதழோ பத்தாவது மார்க் ஷீட்டோ கைல வெச்சுட்டு, அதுல இருக்கற தேதி தான் எல்லா இடத்துலயும் வரணும்னு முடிவு பண்ணிட்டு போங்க. பிஎஃப் பக்கமும் இதே கதை தான், 2023 ஆகஸ்ட்ல வந்த நடைமுறைப்படி பேரோ பிறந்த தேதியோ பொதுவா ஒரே ஒரு தடவ தான் திருத்தலாம். ஆதார சரி பண்ணாம பிஎஃப்ல மாத்திட்டு, அப்புறம் ஆதார வேற மாதிரி மாத்தினா மறுபடியும் பொருந்தாது, ஆனா வாய்ப்பு தீந்து போயிருக்கும்.

ரெண்டாவது தவறு தான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன். தன்னோட கணக்கு எந்த வகைன்னு தெரியாமயே நேரா பிஎஃப் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கறது. 2025 ஜனவரில இந்த முறைய மாத்திட்டாங்க, பலருக்கு இப்ப ஆபீஸ் போக வேண்டிய தேவையே இல்ல. யுஏஎன்ங்கறது எந்தக் கம்பெனி மாறினாலும் உங்க பிஎஃப்புக்கு இருக்கற பொது நம்பர், அது 2017 அக்டோபர் 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ ஆதார் அடிப்படையில வந்ததா இருந்தா, பேரு, பிறந்த தேதி, பாலினம், அப்பா பேரு, சேந்த தேதி, விலகின தேதி இதெல்லாம் பெரும்பாலும் நீங்களே ஓடிபி போட்டு திருத்திக்கலாம், கம்பெனி ஒப்புதலும் வேணாம், பிஎஃப் ஆபீஸ் ஒப்புதலும் வேணாம். அதுக்கு முன்னாடி வந்த யுஏஎன்னா, கம்பெனி ஒப்புதல் கொடுத்தா பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும். யுஏஎன்ல ஆதாரே இணைக்கலன்னா பேப்பர்ல கூட்டு உறுதிமொழிப் படிவம், அதாவது ஜாயின்ட் டிக்ளரேஷன், கம்பெனி மூலமா கொடுக்கணும். முதன்முதலா பிஎஃப் பிடிச்ச வேலைல எந்த வருஷம் சேந்தீங்கன்னு யோசிச்சா உங்க வகை ஓரளவுக்கு தெரிஞ்சுடும். இன்னொண்ணு, பழைய முறைல கொடுத்த திருத்தம் கம்பெனி லாகின்ல மாசக்கணக்கா தூங்கிட்டு இருந்தா, அத நீக்கிட்டு, தகுதி இருந்தா புது முறைல நீங்களே போட்டுக்கலாம். நிறைய பேரு இது தெரியாம எச்ஆருக்கு ஃபோன் போட்டுட்டே இருக்காங்க.

ஒரு உதாரணம் வெச்சு பாப்போம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில 2015ல சேந்த அக்கா ஒருத்தங்கன்னு வெச்சுக்கோங்க. அவங்க ஆதார்ல KAVITHA S, பிறந்த தேதி 14/06/1991. பிஎஃப்ல KAVITA, 14/06/1990. பான்ல KAVITHA SELVARAJ. இதுல எத எதோட சேக்கணும்? பத்தாவது மார்க் ஷீட்டுல KAVITHA S, 1991ன்னு இருக்கு, அப்ப ஆதார் சரி, அத தொடவே கூடாது. பிஎஃப்ல எழுத்தும் இனிஷியலும் வருஷமும் மாறணும். யுஏஎன் 2017க்கு முந்தினது, அதனால கம்பெனி ஒப்புதல் வேணும். unifiedportal-mem.epfindia.gov.in போய் லாகின் பண்ணி, மேல Manage மெனுல Joint Declaration திறந்து, அந்தக் கம்பெனில வந்த பிஎஃப் கணக்கு எண்ணான மெம்பர் ஐடிய தேர்ந்தெடுத்து, ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அடிச்சு, கேட்டா ஆவணம் ஏத்தி, ஓடிபி கொடுத்து அனுப்பணும். S க்கு முன்னாடி இடைவெளி இருக்கா, புள்ளி இருக்காங்கறது கூட ஆதார பாத்து அப்படியே போடுங்க. பேரையும் தேதியையும் ரெண்டு தடவயா அனுப்பாம ஒரே விண்ணப்பத்துல போட்டுடறது நல்லது. அனுப்பினதுக்கு அப்புறம் கம்பெனில பிஎஃப் பாக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும், ஏன்னா அவங்க லாகின்ல போய் பாத்தா தான் அது அங்க வந்து நிக்கறதே தெரியும்.

இந்த அக்கா வேலைல இருக்கறப்பவே இத பண்ணிட்டா சுலபமா முடிஞ்சுடும். வேலைய விட்டு, கணக்கு முடிச்சு, சண்டை போட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம் போனா அதே கம்பெனி ஆள தேடி நிக்கணும். இது தான் மூணாவது தவறு. ராஜினாமா லெட்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே லாகின் பண்ணி View மெனுல Profile பாத்துடுங்க, அஞ்சு நிமிஷம் ஆகாது. புதுக் கம்பெனில சேந்துட்டு அவங்கள திருத்தச் சொல்லலாம்னு சிலர் நினைக்கறாங்க, அது நடக்காது. ஒரு கம்பெனி தன்கிட்ட வேலை பாத்த காலத்து மெம்பர் ஐடியத் தான் தொடலாம், பழைய கம்பெனியோட விவரத்துல கை வைக்க அவங்களுக்கு அதிகாரம் கிடையாது. பழைய இடத்துல ஒரு யுஏஎன், புது இடத்துல இன்னொரு யுஏஎன்னு ரெண்டு இருந்தா, பழசுல இருக்கற பேர முதல்ல திருத்திட்டு தான் புதுசுக்கு பணத்த மாத்தப் போகணும், ரெண்டு பக்கமும் விவரம் ஒத்துப்போகலன்னா டிரான்ஸ்ஃபர் நிக்கும்.

கம்பெனியே மூடிட்டாங்கன்னா என்ன பண்றது? திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன யூனிட்டுங்க மூடறது சகஜம், அதனால பாதியிலேயே விட்டுடறவங்க அதிகம். விட வேணாம். பேப்பர்ல ஜாயின்ட் டிக்ளரேஷன நிரப்பி, கம்பெனி கையெழுத்துக்கு பதிலா கெசட்டட் ஆபீசர் மாதிரி அங்கீகாரம் உள்ள ஒருத்தர்கிட்ட சான்று வாங்கி, அந்தக் கம்பெனியோட கணக்கு எந்த ஆபீஸ்ல இருக்கோ அங்க மக்கள் தொடர்பு அலுவலர்கிட்ட கொடுக்கணும். நீங்க இப்ப குடியிருக்கற ஊரு ஆபீஸ்ல கொடுத்தா போதாது, இது தெரியாம அலையறவங்க நிறைய. அந்தக் கம்பெனில நீங்க வேலை பாத்ததுக்கு அத்தாட்சியா அப்பாயின்மென்ட் லெட்டர், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எது இருந்தாலும் எடுத்துட்டு போங்க.

ஆவணத்துல ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்குது. பிறந்த தேதிக்கு அத்தாட்சியா ஆதார் கார்டே போதும்னு நினைக்கறாங்க. 2024 ஜனவரில பிறந்த தேதிக்கான அத்தாட்சிப் பட்டியல்ல இருந்து ஆதார எடுத்துட்டாங்க. குழப்பமா இருக்கும், ஆனா ரெண்டும் வேற விஷயம்: திருத்தினது ஆதாரோட பொருந்தணும், ஆனா அத்தாட்சி கேக்கற எடத்துல ஆதார் கார்ட வெச்சா செல்லாது. பிறப்புச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட், பான் இதெல்லாம் எடுத்துப்பாங்க. எதுவுமே இல்லாதவங்களுக்கு சிவில் சர்ஜன் கொடுக்கற மருத்துவச் சான்றிதழும் அதோட கோர்ட் அஃபிடவிட்டும்னு ஒரு வழி இருக்கு. ஆபீஸ் பரிசீலனைக்கு போற திருத்தத்துக்கு 2023 நடைமுறைப்படி சின்ன மாற்றம்னா குறைஞ்சது 2 ஆவணம், பெரிய மாற்றம்னா 3. ஒண்ணே ஒண்ண ஏத்திட்டு காத்திருந்தா திரும்பி வரும். மங்கலான ஃபோன் ஃபோட்டோவும் அப்படித்தான் திரும்பி வரும்.

பான் பத்தி யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா அங்க தான் பணம் நேரடியா கைய விட்டுப் போகுது. மேல சொன்ன அக்காவுக்கு பான்ல அப்பா பேரு முழுசா இருக்கு, பிஎஃப்ல இனிஷியல் மட்டும், அதனால பான் சரிபார்ப்பு நிக்கலாம். அஞ்சு வருஷத்துக்குக் கம்மியா சர்வீஸ் இருந்து 50,000 ரூபாயும் அதுக்கு மேலயும் எடுத்தா வரி பிடிப்பாங்க, பான் இருந்தா 10 சதவீதம், இல்லன்னா 20. 80,000 ரூபாய்க்கு 8,000 போறதுக்கும் 16,000 போறதுக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த அக்கா பத்து வருஷம் வேலை பாத்தவங்க, அவங்களுக்கு இந்த வரி வராது, ஆனா ரெண்டு மூணு வருஷத்துல வேலைய விடற பசங்க கட்டாயம் பாக்கணும். பான் பேர ஆதார் மாதிரி மாத்தறது தான் சுலபம், ஆதார பான் மாதிரி மாத்தப் போகாதீங்க.

பிறந்த தேதிய வெறும் எழுத்துப் பிழைன்னு விட்டுடாதீங்க, அது பென்ஷன தொடற விஷயம். பிஎஃப் பென்ஷன் திட்டத்துல 58 வயசு தான் கணக்கு. ரெக்கார்டுல உங்க வயச ஒரு வருஷம் கூட்டி வெச்சிருந்தா, பென்ஷன் பக்கம் போற தொகை ஒரு வருஷம் முன்னாடியே நின்னுடும்.

கிளெய்ம போட்டு பாப்போம், ரிஜெக்ட் ஆனா அப்புறம் திருத்திக்கலாம்னு இருக்கறது கடைசித் தவறு. அப்படி போட்டா ரிஜெக்ட் வர்ற வரைக்கும் நாள் போகும், அதுக்கு அப்புறம் தான் திருத்தமே ஆரம்பிக்கும். திருத்தம் முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்தாலும் உடனே கிளெய்ம் போடாம, மறுபடி லாகின் பண்ணி Profileல புதுப் பேரும் தேதியும் வந்திருக்கா, KYC பக்கத்துல ஆதார், பான், பேங்க் மூணும் சரிபாக்கப்பட்டதா காட்டுதான்னு பாருங்க. பேங்க் பாஸ்புக்ல உள்ள பேரும் ஒத்துப்போகணும், அதுக்கப்புறம் தான் பிஎஃப் பணத்துக்கான படிவம் 19, பென்ஷன் பணத்துக்கான 10சி எல்லாம். வெளில கம்ப்யூட்டர் சென்டர்ல கொடுக்கறீங்கன்னா ஓடிபிய மட்டும் அவங்ககிட்ட விட்டுட்டு வராதீங்க, பக்கத்துலயே உக்காந்து பாத்து அனுப்பச் சொல்லுங்க. இந்தத் திருத்தத்துக்கு பிஎஃப் ஆபீஸ்ல கட்டணம் எதுவும் கிடையாது. கம்பெனி ஒப்புதலே கொடுக்காம இழுத்தா epfigms.gov.in ல புகார் பதியலாம், இல்லன்னா மாசாமாசம் 27ஆம் தேதி மாவட்டங்கள்ல நடக்கற நிதி ஆப்கே நிகட் முகாமுக்கு விண்ணப்ப நகலோட போகலாம், அங்க பிஎஃப் அதிகாரிங்களே நேர்ல உக்காந்திருப்பாங்க.