300 கிராம் கரைசலில் 300 கிராம் தண்ணீர் கிடையாது: கரைதிறன் வளைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி தராசு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. "சார், கணக்குப்படி 192 கிராம் வரணும். நூறுகூட வரல்ல. பாதி உப்பு எங்கேயோ போயிட்டு" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே கணக்கு, அதே வரியில் அதே தப்பு.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மறுபடிகமாக்கல் செய்முறை வரும் ஒவ்வொரு வருஷமும் இதைப் பார்க்கிறேன். அச்சுகளை மாற்றிப் படிப்பது, பக்கத்து வளைவைப் படிப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒரே நாளில் தானாகச் சரியாகிவிடும்.

கரைசலின் எடையைத் தண்ணீரின் எடையாக எடுப்பது

பொட்டாசியம் நைட்ரேட்டின் வளைவை எடுத்துக்கொள்வோம். 60 டிகிரிக்கு நேராக மேலே போனால் 110 என்று வரும், 30 டிகிரிக்குச் சுமார் 46. அதாவது 100 கிராம் தண்ணீர் 60 டிகிரியில் 110 கிராம் உப்பைத் தாங்கும், 30 டிகிரிக்கு ஆறினால் 46 கிராமைத்தான் தாங்கும். மீதி 64 கிராம் படிகமாக விழும். இதுவரை எல்லோரும் சரியாகவே படிக்கிறார்கள்.

அந்த மாணவி 60 டிகிரியில் அடியில் உப்பு மிஞ்சும்வரை கரைத்து, மேலே தெளிந்த கரைசலை மட்டும் வேறு பீக்கரில் ஊற்றி எடை போட்டிருந்தாள். 300 கிராம். நூறுக்கு 64 என்றால் முந்நூறுக்கு மூன்று மடங்கு, 192 என்று எழுதிவிட்டாள்.

இங்கேதான் கோளாறு. வளைவில் உள்ள 100, தண்ணீரின் எடை. தராசு காட்டிய 300, தண்ணீரும் உப்பும் சேர்ந்த எடை. 60 டிகிரியில் 100 கிராம் தண்ணீரோடு 110 கிராம் உப்பு இருப்பதால், 210 கிராம் கரைசலுக்குத்தான் 100 கிராம் தண்ணீர். அப்படியானால் 300 கிராம் கரைசலில் தண்ணீர் 300 × 100 ÷ 210, சுமார் 143 கிராம். மீதி 157 கிராம் உப்பு. 30 டிகிரியில் அந்த 143 கிராம் தண்ணீர் 66 கிராம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விழுவது 91 கிராம்தான்.

அவளுடைய விடையை இன்னொரு தடவை பாருங்கள். பீக்கருக்குள் இருந்த மொத்த உப்பே 157 கிராம். அதிலிருந்து 192 கிராம் படிகம் எப்படி வரும்? கரைந்திருப்பதைவிட விழுவது அதிகமாக வந்தால், உப்பையும் தண்ணீராக எண்ணியிருக்கிறீர்கள். இந்த ஒரு சரிபார்ப்பை யாரும் செய்வதில்லை. எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

சரி, என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மறுநாள் செய்முறைத் தேர்வுக்கு 400 கிராம் சுத்தமான உப்பு வேண்டும் என்றார்கள். பழைய சரக்கை 60 டிகிரியில் கரைத்து, தெளிவை இறுத்து 650 கிராம் எடுத்தேன். ஆறரை மடங்கு 64, அதாவது 416. கொஞ்சம் மிஞ்சவே செய்யும் என்று நிம்மதியாக ஆறவிட்டேன். சாயங்காலம் வடித்து, காயவைத்துப் பார்த்தால் 200 கிராம்கூட இல்லை. சரக்கில் கலப்படம் என்று முடிவுகட்டி, கடைக்காரரிடம் போனில் சண்டை போட்டேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அதற்கு முன்னாலேயே நடந்திருந்தது. வடிந்த நீரில் இனி என்ன இருக்கப்போகிறது என்று அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அங்கிருந்த மூத்தவர் கணக்கைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எலேய், அதுல தண்ணி எவ்வளவு இருந்துது?" பதில் இல்லை. 650 கிராமில் தண்ணீர் 310, உப்பு 340. படிகமாக விழ வேண்டியது 198, கிட்டத்தட்ட அதேதான் விழுந்திருந்தது. மீதி 142 கிராம் நல்ல உப்பு அந்தத் தாய்க்கரைசலில் இருந்தது. சாக்கடையில் போனது அதுதான். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனது தனிக் கதை.

இந்தத் தப்பு ஏன் விடாமல் வருகிறது என்றால், புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் "100 கிராம் தண்ணீரில்" என்றே தொடங்கும். அங்கே வளைவின் எண்களை நேராகக் கழித்தால் விடை வந்துவிடும். ஆய்வகத்தில் கையில் இருப்பது தண்ணீர் கிடையாது, கரைசல். அதற்கு, இரண்டு கரைதிறன்களின் வித்தியாசத்தை 100-ஆல் வகுக்காமல், நூறோடு சூட்டுநிலைக் கரைதிறனைக் கூட்டி வகுக்க வேண்டும்:

படிகம் = கரைசலின் எடை × (சூட்டில் கரைதிறன் − குளிரில் கரைதிறன்) ÷ (100 + சூட்டில் கரைதிறன்)

300 × 64 ÷ 210. அதே 91 வருகிறதா பாருங்கள். கரைசல் சூட்டில் முழுமையாகத் தெவிட்டியிருந்தால் மட்டுமே இது பொருந்தும். தெவிட்டாத கரைசல் என்றால், போட்ட உப்பும் போட்ட தண்ணீரும் தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சில அட்டவணைகளில் கரைதிறனை 100 கிராம் கரைசலுக்கு என்று கொடுத்திருப்பார்கள். அதில் இதே உப்புக்கு 60 டிகிரியில் 52 என்றுதான் இருக்கும். செங்குத்து அச்சில் எண் நூறைத் தாண்டிப் போனால் அது தண்ணீருக்கான வளைவு, சந்தேகமே வேண்டாம். தாண்டாவிட்டால் அச்சின் பெயரை வாசித்துவிட்டுத் தொடுங்கள்.

அறை வெப்பநிலை என்றால் 20 டிகிரி என்று எழுதுவது

யாருடைய அறை? எங்கள் ஆய்வகத்தில் ஏப்ரல் மத்தியானம் ஜன்னலோரத் தெர்மாமீட்டர் 32 காட்டும். புத்தகத்தில் 20 என்று இருப்பதால் வளைவிலும் 20-ஐப் படித்துவிடுகிறார்கள். அங்கே கரைதிறன் 32 கிராம்தான். மேலே சொன்ன 300 கிராம் கரைசலுக்கு அந்தக் கணக்கில் 111 கிராம் படிகம் விழ வேண்டும். நம் ஊர் 30 டிகிரியில் 91. இருபது கிராம் குறைகிறதே என்று பிறகு தேடுவார்கள்.

சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரும் உதவாது. பீக்கரின் நடுவில் வைத்துப் பாருங்கள். ஓரம் ஆறியிருக்கும், நடு இன்னும் 38-இல் நிற்கும். வடிக்கும் நேரத்தில் கரைசல் என்ன வெப்பநிலையில் இருக்கிறதோ, அதைத்தான் வளைவில் படிக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் வைத்து 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் 127 கிராம்வரை கிடைக்கும்.

எல்லா உப்பும் ஆறினால் விழும் என்று நம்புவது

சாப்பாட்டு உப்பின் வளைவு வளைவே இல்லை, ஏறக்குறைய படுத்த கோடு. 60 டிகிரியில் 37, 30 டிகிரியில் 36. அதன் தெவிட்டிய கரைசல் 300 கிராமை ஆறவைத்தால் 2 கிராம் கிடைக்கும். புத்தளத்திலும் சாமித்தோப்புப் பக்கத்திலும் உப்பளங்களில் வெயிலை நம்பியிருப்பது இதனால்தான். அங்கே தண்ணீரையே போக்கினால்தான் உப்பு விழும்.

இந்தப் படுத்த கோடுதான் மறுபடிகமாக்கலில் நமக்குக் கைகொடுக்கிறது. நைட்ரேட்டில் 10 கிராம் சாப்பாட்டு உப்பு அழுக்காகக் கலந்திருக்கிறது என்று வையுங்கள். ஆறியபிறகும் 143 கிராம் தண்ணீர் 51 கிராம்வரை அதைத் தாங்கும் (கலவையில் இந்த எண் கொஞ்சம் மாறும், ஆனாலும் 10-க்கு இடம் தாராளம்). ஆகவே நைட்ரேட் விழும், உப்பு நீரிலேயே நிற்கும்.

ஆனால் தாய்க்கரைசலில் உள்ள 66 கிராமையும் விடமாட்டேன் என்று காய்ச்சிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தண்ணீர் 20 கிராமாகச் சுருங்கும். அது தாங்குவது 7 கிராம் உப்புதான். பாக்கி உப்பு படிகத்தோடு சேர்ந்தே விழும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிட்டிகைப் படிகத்தை வாலை வடிநீரில் கரைத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் பேராசை பட்டிருக்கிறீர்கள்.

மயில்துத்தத்துக்கும் இதே சூத்திரம்

போடாதீர்கள். நீலப் படிகத்தின் எடையில் 36 சதவீதம் தண்ணீர். படிகம் விழும்போது கரைசலின் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சும் தண்ணீர் குறைவதால், சாதாரணக் கணக்கு சொல்வதைவிட அதிகமாகவே விழும்.

சூடான கரைசலை மில்லியில் அளப்பது

தராசில் வையுங்கள்.

ஆறியும் விழவில்லையே என்று வளைவைச் சந்தேகிப்பது

கண்ணாடிக் கோலால் பீக்கரின் உள்பக்கத்தை உரசுங்கள், அல்லது ஒரு படிகத் துணுக்கைப் போடுங்கள்.

வடித்த உடனே எடை போடுவது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது

இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்று எடையைக் கூட்டும், மற்றது குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் விடை சரியாக வந்ததுபோல ஏமாற்றும். ஈரப் படிகத்தில் தாய்க்கரைசல் ஒட்டிக்கொண்டிருக்கும். கணித்ததைவிடக் கூடுதல் எடை வந்தால் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழுவ ஊற்றும் 10 மில்லி குழாய்த் தண்ணீரோ 30 டிகிரியில் நான்கரை கிராம் நைட்ரேட்டைக் கரைத்துக்கொண்டு போகும். ஐஸில் வைத்த தண்ணீர் என்றால் ஒன்றே கால் கிராம்தான் போகும்.

அந்த மாணவி எடை போட்டபோது தராசு 97 காட்டியது. வடிதாளைத் தொட்டால் சொதசொதவென்று இருந்தது. கழுவினாயா என்று கேட்டேன். "ஒரு பத்து மில்லி ஊத்தினேன் சார், குழாயில இருந்துதான்." மறுநாள் உலர்ந்ததும் மறுபடி வைத்தோம். 87. கணித்த 91-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியை அவளே நோட்டில் எழுதினாள், பிறகு தாய்க்கரைசல் பீக்கரை எடுத்து, மூடி போட்டு, தன் பெயரை ஒட்டி அலமாரியில் வைத்தாள்.