ஆண் மார்பில் வலியில்லாத கட்டி: டாக்டரும் நோயாளியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வருமா என்ற கேள்வியை இங்கே விட்டுவிடுகிறேன். வரும். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாக, பெரும்பாலும் 60 வயதை ஒட்டியும் தாண்டியும். இது தெரிந்தவர்கள் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். தொண்டி தொடங்கி ஏர்வாடி வரை கடற்கரை ஊர்களுக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்கள், எங்கள் செட் செய்த அதே வேலையை அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதாகிவிட்டது.

வலியைக் கேட்டுவிட்டு முடிவு கட்டுவது

"வலிக்கலையே டாக்டர், வலிச்சா முதல்லயே வந்திருக்க மாட்டேனா?" இதை நோயாளி சொன்னால் நியாயம். டாக்டரும் அதையே சாதகமான அறிகுறியாக எடுத்துக்கொள்வதுதான் கோளாறு. ஆண் மார்பைப் பொறுத்தவரை வலி இல்லாததுதான் யோசிக்க வைக்க வேண்டும்.

ஹார்மோன் மாற்றத்தால் ஆணுக்கு மார்பு வீங்குவது சகஜம். கைனகோமாஸ்டியா என்பார்கள். ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை, கல்லீரல் கோளாறு, வயது எனக் காரணங்கள் பல. அது முலைக்காம்பைச் சுற்றி வட்டமாக, ரப்பர் போல மெத்தென்று இருக்கும், பல சமயம் இரண்டு பக்கமும் இருக்கும், அழுத்தினால் வலிக்கும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், கூழாங்கல் போலக் கெட்டியாக, காம்புக்குப் பின்னால் கொஞ்சம் ஓரமாக இருக்கும். காம்பு உள்ளே இழுபட்டிருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, மேலே புண் இருந்தாலோ தயங்கவே கூடாது.

ஆணுக்கு மார்பகச் சதை கொஞ்சம்தான். அதனால் கட்டி சீக்கிரம் தட்டுப்பட வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதே காரணத்தால், சின்னக் கட்டி கூடக் காம்பையும் தோலையும் அடியில் உள்ள தசையையும் எட்டிவிடுகிறது. காத்திருக்க இடமில்லாத இடம் அது. எங்கள் பக்கத்திலோ விசைப்படகுக்காரர்கள் உடம்புக்கு ஏதாவது என்றால் தடைக்காலத்துக்கு ஒத்திப்போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும்போதுதான் குடலிறக்கம், பல்வலி, கட்டி எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரும்.

அக்குளைத் தொடாமல் அனுப்புவது

கையைத் தூக்கச் சொல்லி, நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.

கொழுப்புக் கட்டி என்று வெட்டி எறிவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வரவைப்பது.

பாம்பன் பக்கம், 58 வயது விசைப்படகுத் தொழிலாளி. இடது காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு கட்டி. வலை இழுக்கும்போது கயிறு இடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். தடைக்காலத்தில் பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டினார். வெறும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டி, கால் மணி நேர வேலை" என்றார்கள். மரப்பு ஊசி போட்டு வெட்டி எடுத்து, நாலைந்து தையல் போட்டார்கள். எடுத்ததைத் தட்டில் வைத்து அவருடைய சம்சாரத்திடம் காட்டினார்கள். அப்புறம் அது குப்பைக்குப் போனது. சதை டெஸ்டுக்கு அனுப்பவில்லை. செலவு எதற்கு என்று விட்டார்களாம்.

அடுத்த தடைக்காலத்தில் எங்களிடம் வந்தார். தழும்புக்கு அடியில் கெட்டியான ஒரு வரப்பு, காம்பு அடியோடு ஒட்டிப்போயிருந்தது, அக்குளில் நெறி. பயாப்சியில் பால் நாளத்திலிருந்து பரவும் வகைப் புற்றுநோய் என்று வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் வகை. ஆண்களுக்கு வருவதில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான். நெஞ்சு, வயிறு, எலும்பு ஸ்கேன்களில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை.

அந்தக் கட்டி குப்பைக்குப் போனதில் என்னென்ன போயின என்று பாருங்கள். முதலில் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது, தெரியாது. ஓரத்தில் நோய் மிச்சம் இருந்ததா, தெரியாது. ஏற்பி டெஸ்ட் அன்றைக்கே செய்திருக்கலாம். எல்லாவற்றையும் விட, ரிப்போர்ட் கையில் இருந்திருந்தால் சில வாரங்களில் முறையான ஆபரேஷனுக்குப் போயிருப்பார். அக்குளில் நெறி கட்டாத நிலையில் முதல் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்தே நிறுத்தியிருக்க முடியலாம். வந்த நிலையில் முதலில் கீமோ, பிறகு மார்பு முழுவதும் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் தசையோடு அகற்றம், அக்குள் நெறிகள் முழு நீக்கம், அதற்கப்புறம் மதுரையில் கதிர்வீச்சு. கை கனத்து வீங்கும் அபாயம் அவருக்கு இனி எப்போதும் உண்டு. கயிறு இழுக்கிற கை அது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? கையால் பார்த்த பிறகு மார்புக்கும் அக்குளுக்கும் அல்ட்ராசவுண்ட், கூடவே மேமோகிராம். ஆணுக்கும் மேமோகிராம் எடுக்கலாம்; சதை கொஞ்சம் என்பதால் படம் எடுப்பவர் கூடுதலாகச் சிரமப்படுவார், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அடுத்தது கோர் ஊசி பயாப்சி. மரப்பு ஊசி போட்டு, தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துண்டுகள் சிலவற்றை எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதில் செல்கள் மட்டும்தான் கிடைக்கும். கோர் துண்டில் நோய் சுற்றுச் சதைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம், ஏற்பி டெஸ்டும் செய்யலாம். கத்தி அதற்கப்புறம்.

ஏதோ காரணத்தால் கத்தி முதலில் பட்டுவிட்டதா? எடுத்தது எதுவானாலும் பேத்தாலஜிக்குப் போக வேண்டும். 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்தில், வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். சலைன் பாட்டிலில் போட்டு, சாயங்கால பஸ்ஸில் கொடுத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அழுகிய சதையில் ஏற்பி டெஸ்ட் செய்து எந்தப் பதிலையும் நம்ப முடியாது. நோயாளிகளும் ஒன்று கேட்கலாம்: "இதை டெஸ்டுக்கு அனுப்புறீங்களா டாக்டர், ரிப்போர்ட் எப்ப வரும்?" கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் வேறிடம் பாருங்கள்.

ஊசி குத்தினால் பரவும் என்று ஓடுவது

பரவாது. ஓடினால்தான் நாள் போகும்.

மாத்திரையைப் பாதியில் விடுவது

ஏற்பி பாசிட்டிவ் என்றால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென், தினமும் 20 மில்லிகிராம், குறைந்தது 5 வருஷம். ஆண்களில் கணிசமானவர்கள் முதல் ஓரிரு வருஷத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும், தாம்பத்திய ஆசை குறையும். கடைசியில் சொன்னதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கவில்லை என்பார்கள். அதனால் எழுதிக் கொடுக்கும்போதே நாம்தான் சொல்ல வேண்டும், சம்சாரத்தையும் உட்காரவைத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்காதது

BRCA2 மரபணுவில் பிறழ்வு உள்ள ஆண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. அதனால் நோய் உறுதியான எந்த ஆணுக்கும் மரபணு டெஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் அந்தப் பிறழ்வு இருந்தால் மகனுக்கோ மகளுக்கோ போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மகளுக்குப் போனால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் ஆபத்து கூடும். பாம்பன்காரருக்கு இரண்டு மகள்கள், ஒருத்தி கல்யாணமாகிக் கீழக்கரையில் இருக்கிறாள். அம்மா வழியில்தான் இதெல்லாம் வரும் என்று அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க அவரை ஒத்துக்கொள்ள வைத்தவள் அந்தக் கீழக்கரை மகள்தான்.